மோட்டாருக்கு நீளமான கேபிள்: மெல்லிய வயர் தின்னும் கரண்டும் மோட்டார் படும் பாடும்

பம்ப் மோட்டார் அடிக்கடி காயில் போகும்போது பழி பெரும்பாலும் மோட்டார் மேலோ காயில் கட்டியவர் மேலோ விழுகிறது. மீட்டர் பெட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடக்கும் கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அந்தக் கேபிள் சூடாவதில்லை, புகைவதில்லை, தொட்டுப் பார்த்தால் சாதாரணமாகவே இருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தால் கிணற்றடியில் முழு வோல்டேஜும் காட்டும். குற்றம் தெரியவே தெரியாது.

ஒரு உதாரணத்தை எடுத்து அதன் கணக்கைக் கடைசிவரை கொண்டுபோனால் விஷயம் புரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றில் 7.5 எச்பி மூன்று ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார். பெயர்ப்பலகையில் 415 வோல்ட், 13 ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் 0.8 என்று இருக்கிறது. மீட்டரிலிருந்து கிணற்றடி ஸ்டார்ட்டர் வரை 320 மீட்டர். ஸ்டார்ட்டரிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் தட்டைக் கேபிள் 80 மீட்டர். இரண்டுமே 4 சதுர மில்லிமீட்டர் காப்பர். கடையில் கேட்டால் “4 ஸ்கொயர் 25 ஆம்ப்ஸுக்கு மேல் தாங்கும், 13 ஆம்ப்ஸுக்குத் தாராளம்” என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் வயர் சூட்டில் உருகாமல் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பது வேறு, 400 மீட்டர் தாண்டிப் போய்ச் சேரும்போது எவ்வளவு வோல்டேஜ் மிஞ்சும் என்பது வேறு. பட்டியலில் உள்ள ஆம்ப்ஸ் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

காப்பர் வயரின் ரெசிஸ்டன்ஸைக் கணக்கிட எளிய வழி: மீட்டரில் உள்ள நீளத்தை, 50 பெருக்கல் சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். வெயிலிலும் ஓட்டத்திலும் வயர் கொஞ்சம் சூடாக இருக்கும் நிலைக்கு இந்த 50 பொருந்தும். அலுமினியத்துக்கு 50-க்குப் பதில் 31. நம் உதாரணத்தில் 400 ÷ (50 × 4) = 2 ஓம். ஒவ்வொரு கோரிலும் 2 ஓம்.

மூன்று ஃபேஸில் இரண்டு லைன்களுக்கு நடுவே இறங்கும் வோல்டேஜ் இது:

1.732 × கரண்ட் × ஒரு கோரின் ஓம் × பவர் ஃபேக்டர்

1.732 × 13 × 2 × 0.8 = 36 வோல்ட். ஆனால் இத்தோடு நிற்காது. மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரண்ட் ஏறும். கரண்ட் ஏறினால் கேபிளில் இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் இறங்கும். கடைசியில் ஏறக்குறைய 14 ஆம்ப்ஸில் நிலைகொள்ளும். அப்போது இறக்கம் 39 வோல்ட். மீட்டரில் 415 இருக்கும்போது கிணற்றின் அடியில் மோட்டார் பார்ப்பது 376 மட்டும்.

கேபிளில் வீணாகும் மின்சாரத்தைக் கண்டுபிடிக்க, கரண்டை அதே கரண்டால் பெருக்கி, ஓமால் பெருக்கி, மூன்று கோருக்காக 3-ஆல் பெருக்க வேண்டும். 14 × 14 × 2 × 3 = 1176 வாட். மோட்டார் தன் வேலைக்கு எடுப்பது ஏறக்குறைய 7.5 கிலோவாட். அதோடு சேர்த்து மீட்டரில் ஓடுவது 8.7 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். ஏழில் ஒரு பங்கு தண்ணீருக்கே போகவில்லை. தினம் 6 மணி நேரம், வருடத்தில் 200 நாள் ஓடினால் 1,400 யூனிட்டுக்கு மேல் மண்ணைச் சூடாக்கியே தீர்ந்துவிடுகிறது.

1176 வாட் என்றால் ஒரு சிறிய ஹீட்டர் அளவு. அப்படியிருந்தும் கேபிள் ஏன் சூடாகத் தெரிவதில்லை? அந்தச் சூடு 400 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரு மீட்டருக்கு 3 வாட்கூட வராது. கையில் பிடித்தால் வெதுவெதுப்புகூடத் தெரியாது. “வயர் சூடாகவில்லை, அதனால் வயர் சரி” என்ற முடிவு குறுகிய வயருக்குத்தான் பொருந்தும். நீள ஓட்டத்தில் கையை நம்ப முடியாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

மோட்டாருக்குள் நடப்பது

பம்ப் கேட்கும் வேலை வோல்டேஜைப் பார்த்துக் குறைவதில்லை. தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ளியாக வேண்டும். வேகம் கொஞ்சம் குறைவதால் தண்ணீரும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வோல்டேஜ் குறைந்ததை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கிறது. காயிலில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், கரண்ட் 10 சதவீதம் கூடினால் சூடு 21 சதவீதம் கூடும். மோட்டார் இன்சுலேஷனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: தாங்க வேண்டிய சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாரில் பிவிசி பூசிய வைண்டிங் வயர் இருக்கும். அது அதிகச் சூடு தாங்கும் ரகமே இல்லை. போர்வெல்லில் தண்ணீர் குறைந்து மோட்டாரைச் சுற்றிய ஓட்டமும் மந்தமாகிவிட்டால் இருபக்கமும் அடி.

இதுவரை சொன்னது மீட்டரில் 415 வோல்ட் முழுதாக வரும் நாளுக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடும் நேரத்தில் லைனே 380-க்கு இறங்குவது சகஜம். அப்போது மோட்டார் 16 ஆம்ப்ஸ்வரை இழுக்கும், கேபிளில் மட்டும் 45 வோல்ட்டை ஒட்டிப் போகும், மோட்டாருக்குக் கிடைப்பது 335 வோல்ட்டை ஒட்டி. பெரும்பாலான மோட்டார்கள் பெயர்ப்பலகை வோல்டேஜில் 10 சதவீதம் குறைந்தால் சமாளிக்கும். 415-க்கு அது 374 வோல்ட். லைன் நன்றாக இருக்கும்போதே அந்த 10 சதவீதத்தைக் கேபிள் தின்றுவிட்டதால், லைன் இறங்கும் நாளில் மோட்டாருக்குக் கைவசம் எதுவும் இல்லை. மெல்லிய வயரின் உண்மையான கேடு இதுதான். தினமும் மோட்டாரைக் கொல்வதில்லை. மோசமான நாளில் அதைத் தாங்கவிடாமல் செய்துவிடுகிறது.

அடுத்தது ஸ்டார்ட்டிங். நேரடி ஸ்டார்ட்டரில் போட்டதும் மோட்டார் ஓடும் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். முழு வோல்டேஜ் கிடைத்தால் நம் மோட்டார் 70 ஆம்ப்ஸ் எடுக்கும். நடுவில் 2 ஓம் கேபிள் உட்கார்ந்திருப்பதால் 50 ஆம்ப்ஸ் மட்டுமே வரும், மோட்டார் முனையில் வோல்டேஜ் 300-ஐ ஒட்டி விழும். சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால், 72 சதவீத வோல்டேஜில் விசை பாதிதான். லைன் 380-ல் இருந்தால் 275 வோல்ட்டும், முழு விசையில் 43 சதவீதமும்தான் மிஞ்சும்.

சென்ட்ரிஃபியூகல் பம்புக்குத் தொடக்கத்தில் பெரிய விசை தேவையில்லை. அதனால் மோட்டார் கிளம்பிவிடும். ஆனால் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கக் காயிலில் நான்கு மடங்கு கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். பலர் கவனிக்காத இன்னொரு சேதமும் இங்கே நடக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரின் அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் வகை. பம்ப் கீழே அழுத்தும் பாரம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. தண்டு போதிய வேகம் பிடித்தால்தான் அந்தப் படலம் உருவாகும். மெதுவாக எழும் மோட்டாரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பேரிங் சில கணங்கள் உரசிக்கொண்டே சுற்றும். காயில் நன்றாக இருந்தும் மோட்டார் இறுகிக்கொண்டால், கழற்றிப் பார்க்கும்போது த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருந்தால், ஸ்டார்ட் வோல்டேஜையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர். அதன் காயிலும் அதே லைனில்தான் தொங்குகிறது. லைன் 380-ல் இருக்கும் நாளில் மோட்டார் கிளம்பும் கணத்தில் கிணற்றடி வோல்டேஜ் 290-க்கு வந்தால், 415 வோல்ட் காயில் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். விட்டால் வோல்டேஜ் ஏறும், ஏறினால் மறுபடி பிடிக்கும், பிடித்ததும் மறுபடி விழும். “டரடர” என்று அடிக்கும் சத்தம் அதுதான். ஒவ்வொரு அடியிலும் கான்டாக்ட் முனைகளில் தீப்பொறி. சில மாதங்களில் ஒரு முனை கருகி அந்த ஃபேஸ் சரியாகச் சேராது. பிறகு மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடி எரியும். எரிந்ததற்கு “சிங்கிள் ஃபேஸிங்” என்று காரணம் எழுதப்படும். அது தொடங்கிய இடம் கேபிள் என்பது யாருக்கும் தெரியாது.

இதில் மிகவும் வருத்தம் தரும் பழக்கம் ஓவர்லோடு ரிலேயைத் திருகி ஏற்றுவது. 13-ல் வைத்த ரிலே 15 ஆம்ப்ஸில் ட்ரிப் ஆகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. “ரிலே சரியில்லை” என்று 18-க்குத் திருப்பிவிட்டால் தண்ணீர் அன்றைக்கு வரும், காயில் போகும் நாள் அருகில் வரும். ரிலே அடிக்கடி விழுந்தால் அதன் மேல் கை வைப்பதற்கு முன் இரண்டு முனை வோல்டேஜையும் எடுக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

மோட்டார் நிற்கும்போது எடுக்கும் வோல்டேஜால் பயனில்லை. கரண்ட் ஓடாத வயரில் இறக்கம் கிடையாது. அதனால் எவ்வளவு மெல்லிய வயரானாலும் இரண்டு முனையிலும் 415 காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் முழுதாக வெளியே கொட்டத் தொடங்கிச் சில நிமிடம் ஆன பிறகு, மீட்டர் பக்கமும் கிணற்றடி ஸ்டார்ட்டரின் உள்வரும் முனையிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். லைன் வோல்டேஜ் நிமிடத்துக்கு நிமிடம் ஆடும் என்பதால், ஒருவரே அங்கே எடுத்துவிட்டு இங்கே நடந்து வந்து எடுத்தால் கணக்குத் தப்பும். இரண்டு பேர், இரண்டு மீட்டர், நடுவில் ஒரு போன் போதும். திறந்த பேனலில் ஓடும் மின்சாரத்தில் கை வைக்கும் வேலை இது. பழகிய எலக்ட்ரீஷியன், நல்ல மல்டிமீட்டர், உலர்ந்த தரை மூன்றும் இல்லாமல் செய்யக் கூடாது.

சிவப்பு-மஞ்சள், மஞ்சள்-நீலம், நீலம்-சிவப்பு என்று மூன்று ஜோடியும் எடுக்க வேண்டும். கூடவே கிளாம்ப் மீட்டரில் மூன்று வயரின் கரண்டும். நம் உதாரணத்தில் மீட்டரில் 415 என்றால் கிணற்றடியில் 384 வரும். 320 மீட்டரில் 31 வோல்ட் இறங்கியிருக்கிறது. கிணற்றுக்குள் போகும் 80 மீட்டரின் கீழ் முனையை அளக்க முடியாது, அதைக் கணக்கில்தான் எடுக்க வேண்டும்: 0.4 ஓம், 8 வோல்ட். பலர் இந்த 80 மீட்டரை மறந்துவிட்டுத் தரை கேபிளை மட்டும் கணக்கிடுவார்கள். மோட்டாருக்கு இரண்டும் ஒரே வயர்தான்.

மூன்று ஜோடியிலும் இறக்கம் ஒன்றுபோல இருந்தால் வயர் மெல்லிசு அல்லது நீளம் அதிகம் என்று பொருள். மூன்றில் இரண்டு ஜோடி மட்டும் அதிகம் இறங்கினால், அந்த இரண்டுக்கும் பொதுவான வயரில் ஏதோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது. அங்கே புதுக் கேபிள் வாங்கத் தேவையில்லை. சந்தேகப்பட்ட ஜாயின்ட்டின் இரு பக்கமும், ஒரே ஃபேஸில், மோட்டார் ஓடும்போது மீட்டரை வைத்துப் பார்க்கலாம். நல்ல ஜாயின்ட்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். 2 வோல்ட் காட்டினால் 13 ஆம்ப்ஸில் 26 வாட், கட்டைவிரல் அளவு இடத்தில். அது கருகாமல் இருக்காது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும், காப்பரையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கிய ஜாயின்ட்டும்தான் பெரும்பாலும் இந்த நிலைக்கு வரும். மூன்று ஃபேஸும் சமமில்லாமல் போவது மொத்த வோல்டேஜ் குறைவதைவிட மோசம். வோல்டேஜில் 1 சதவீத வித்தியாசம் கரண்டில் அதைப் போலப் பல மடங்கு வித்தியாசத்தை உண்டாக்கும், ஒரு காயில் மட்டும் வெந்துபோகும்.

ஸ்டார்ட் வோல்டேஜைப் பார்க்க, மிகக் குறைந்த அளவைப் பிடித்துவைக்கும் வசதி மல்டிமீட்டரில் இருந்தால் நல்லது. சாதாரண மீட்டரின் திரை அந்த ஒரு நொடி வீழ்ச்சியைக் காட்டும் முன் மோட்டார் வேகம் பிடித்துவிடும். அந்த வசதி இல்லையென்றால் காதை நம்பலாம். போட்டதும் ஒரே முழக்கத்தில் எழாமல் இழுத்து முனகி எழும் மோட்டாருக்கு வோல்டேஜ் போதவில்லை.

வயர் சொன்ன அளவுதானா என்ற சந்தேகமும் வரலாம். சப்ளையை முழுதாகத் துண்டித்து, இரண்டு முனையையும் கழற்றி, ஒரு முனையில் இரண்டு கோரைச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் ஓம் அளக்கலாம். 320 மீட்டர் 4 சதுர மில்லிமீட்டர் நல்ல காப்பருக்குப் போக வர 640 மீட்டர், ஏறக்குறைய 3 ஓம் வர வேண்டும். மீட்டரின் சொந்த ப்ரோப் வயருக்கு உள்ள ஓமை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். 4 அல்லது 5 ஓம் காட்டினால், கம்பி சொன்ன அளவு இல்லை, அல்லது அலுமினியத்தின் மேல் காப்பர் பூசிய கம்பி, அல்லது நடுவில் கெட்ட ஜாயின்ட். புதுச் சுருளை வாங்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் பள்ளம் தோண்டிப் புதைத்த பிறகு வருந்த வேண்டியதில்லை.

சரியான அளவு

கேபிளில் மொத்த இறக்கம் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 5-ஐத் தாண்டக் கூடாது. 415-க்கு 3 சதவீதம் 12.5 வோல்ட். தேவையான அளவைக் கண்டுபிடிக்க:

1.732 × கரண்ட் × மீட்டர் கணக்கில் நீளம் × பவர் ஃபேக்டர் ÷ (50 × அனுமதிக்கும் வோல்ட்)

1.732 × 13 × 400 × 0.8 ÷ (50 × 12.5) = 11.5 சதுர மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 10 அல்லது 16.

ஆனால் கிணற்றுக்குள் கிடக்கும் 80 மீட்டரை மாற்ற மோட்டாரைத் தூக்க வேண்டும். அதை அடுத்த முறை மோட்டார் வெளியே வரும்போது பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, தரை கேபிளை மட்டும் மாற்றினால் என்ன கிடைக்கும்? 320 மீட்டர் 16 சதுர மில்லிமீட்டர் காப்பர் என்றால் 0.4 ஓம். கிணற்றுக்குள் 0.4 ஓம். மொத்தம் 0.8. கரண்ட் 13.3 ஆம்ப்ஸுக்கு இறங்கும், இறக்கம் 15 வோல்ட்டுக்குள் நிற்கும், மோட்டாருக்கு 400 வோல்ட் கிடைக்கும். வீணாவது 1176 வாட்டிலிருந்து 425 வாட்டாகிவிடும். வருடம் 1,200 மணி நேர ஓட்டத்தில் 900 யூனிட் மிச்சம். ஸ்டார்ட் ஆகும்போது 300-க்குப் பதில் 365 வோல்ட், விசை பாதிக்குப் பதில் முக்கால் பங்குக்கு மேல். லைன் 380-க்கு இறங்கும் நாளிலும் மோட்டார் 364 வோல்ட்டைப் பார்க்கும். 335-க்கும் 364-க்கும் உள்ள தூரம்தான் அந்த மோட்டாரின் ஆயுள்.

தரையில் 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் மொத்தம் 1.04 ஓம், 19 வோல்ட் இறக்கம், 560 வாட் வீண். பணம் இடித்தால் இதுவும் ஏற்கத்தக்கதே. 16-ஐத் தாண்டி 25 காப்பர் போடுவது தேவையில்லை. கூடுதலாக மிச்சமாவது 75 வாட்தான். முதலில் ஏறும் சில அளவுகளில்தான் பெரிய லாபம், பிறகு அது வேகமாகத் தேய்ந்துவிடும்.

தரை ஓட்டத்துக்கு அலுமினியம் நல்ல தேர்வு, அதைத் தயங்காமல் சொல்லலாம். 25 சதுர மில்லிமீட்டர் அலுமினியமும் 16 காப்பரும் ஏறக்குறைய ஒரே ஓம். எடையும் விலையும் குறைவு, திருடர் கண்ணும் அதன்மேல் அவ்வளவு விழாது. இரண்டு முனையிலும் கவனம் மட்டும் வேண்டும். அலுமினியத்தை காப்பர் முனையில் சேர்க்க இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டாலிக் லக் போட்டு, சரியான டை வைத்து க்ரிம்ப் செய்ய வேண்டும். கம்பியின் மேல் படியும் ஆக்சைடைத் தேய்த்து எடுத்து ஜாயின்ட் பேஸ்ட் பூச வேண்டும். அலுமினியம் போல்ட்டின் அழுத்தத்தில் மெல்லத் தளரும். முதல் சில வாரம் ஓடிய பிறகு சப்ளையைத் துண்டித்து ஒரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் மட்டும் காப்பர் தட்டைக் கேபிள்தான்.

பழைய 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் நல்ல நிலையில் இருந்தால், அதே அளவு, அதே நீளத்தில் இன்னொன்றை இணையாக ஓட்டி, இரண்டு முனையிலும் ஒரே ஃபேஸ் கோர்களைச் சேர்த்துவிடுவதும் ஒரு வழி. தரை ஓமும் பாதியாகும். மொத்தம் 1.2 ஓம், இறக்கம் 22 வோல்ட், 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். ஒவ்வொரு கேபிளிலும் கரண்ட் சமமாகப் பிரிகிறதா என்று கிளாம்ப் மீட்டரில் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒரு கோர் அறுந்தால் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வெளியே தெரியாது.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை மீட்டர் பக்கம் வைத்து ஆறு வயர் ஓட்டியவர்கள், இரண்டு கேபிள் என்பதால் இழப்பு பாதியாகும் என்று நினைப்பார்கள். அப்படி ஆகாது. ஒவ்வொரு கோரிலும் கரண்ட் 58 சதவீதம்தான், ஆனால் கோர்கள் ஆறு. கூட்டிப் பார்த்தால் இழப்பு மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் குறையும். ஸ்டார்ட்டரைக் கிணற்றடிக்கு நகர்த்தி, தரையில் கிடக்கும் அந்த இரண்டு கேபிளையும் இணையாகச் சேர்த்தால்தான் உண்மையில் பாதியாகும்.

ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. கரண்ட் போகவும் வரவும் இரண்டு வயரிலும் இறங்குகிறது, அதே எச்பிக்குக் கரண்டும் அதிகம், சப்ளையோ 230 வோல்ட்தான். 10 ஆம்ப்ஸ் எடுக்கும் 1.5 எச்பி மோட்டாரை 200 மீட்டர் தள்ளி 2.5 சதுர மில்லிமீட்டரில் ஓட்டினால் ஏறக்குறைய 29 வோல்ட் போய்விடும், மிஞ்சுவது 201. அதே வயரில் அதே எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார் 3 ஆம்ப்ஸ் எடுத்து 7 வோல்ட்கூட இழக்காது. தூரம் அதிகம், மூன்று ஃபேஸும் கிடைக்கிறது என்றால் ஒற்றை ஃபேஸ் மோட்டார் வாங்கக் கூடாது.

கடைசியாக, கெப்பாசிட்டர். “கெப்பாசிட்டர் போட்டால் வோல்டேஜ் ஏறும்” என்று சொல்லி விற்பார்கள். நீளமான மெல்லிய கேபிளில் அது வோல்டேஜை ஏற்றாது என்றே சொல்லிவிடலாம். இங்கே இறக்கம் வயரின் ரெசிஸ்டன்ஸால் வருகிறது, மோட்டார் எடுக்கும் வாட்டைப் பொறுத்தது, கெப்பாசிட்டர் அந்த வாட்டைக் குறைப்பதில்லை. ஆனால் அது பயனற்றதும் அல்ல. நம் மோட்டாருக்கு 3 கேவிஏஆர் போட்டால் பவர் ஃபேக்டர் 0.8-லிருந்து 0.95-ஐ ஒட்டி ஏறும், கேபிளில் ஓடும் கரண்ட் 13-லிருந்து 11 ஆகும், கேபிள் இழப்பு 29 சதவீதம் குறையும். இந்த லாபம் கெப்பாசிட்டரைக் கிணற்றடியில் வைத்தால்தான். மீட்டர் பக்கம் வைத்தால் கேபிளில் பழைய கரண்டே ஓடும். நேரடி ஸ்டார்ட்டரில் அதைக் கான்டாக்டருக்கும் ஓவர்லோடு ரிலேக்கும் நடுவில் இணைக்க வேண்டும். அப்போது ரிலே மோட்டாரின் உண்மைக் கரண்டைப் பார்க்கும், பெயர்ப்பலகையின் 13-லேயே வைக்கலாம். ரிலேக்கு அப்பால் மோட்டார் முனையில் இணைத்திருந்தால், ரிலே வழியாகப் போவது 11 ஆம்ப்ஸ்தான், அமைப்பையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் 15 ஆம்ப்ஸ் எடுத்தாலும் ரிலே அசையாது.

கேபிள் மாற்றிய அன்றே, பழைய ட்ரிப் தொல்லைக்காக யாராவது ஏற்றிவைத்திருந்த ரிலேயை மறக்காமல் பழையபடி இறக்கி வைத்து, மோட்டார் ஓடும்போது இரண்டு முனை வோல்டேஜையும் மூன்று கரண்டையும் எடுத்து ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு உட்புறத்தில் தேதியோடு எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு எப்போதாவது கரண்ட் ஏறினால், இறக்கமும் சேர்ந்து ஏறியிருக்கிறதா என்று பார்த்தாலே குறை கேபிளிலா பம்பிலா என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். மீட்டர் பக்க வோல்டேஜ் அன்று போலவே இருந்து, இறக்கம் கரண்ட் ஏறிய அளவுக்கே ஏறியிருந்தால் பம்பையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். கரண்ட் ஏறியதைவிட இறக்கம் அதிகமாக ஏறியிருந்தால், முதலில் கிணற்றடி ஜாயின்ட்டைத் திறக்க வேண்டும்.